ஆராய்ச்சிக் குழுவிற்கு எழுதும் விண்ணப்பக் கடிதம்: நெல்வயல் ஆய்வு ஒன்றை வைத்து ஒரு பாடம்

டாக்டர் பட்டம் பெற்றவர் வேறோர் ஆராய்ச்சிக் குழுவில் இரண்டு மூன்று ஆண்டுகள் ஊதியத்துடன் பணியாற்றுவதைப் பட்டப்பின் ஆராய்ச்சி என்று கூறுகிறோம். இப்பதவிக்குப் பெரும்பாலும் எழுத்துத் தேர்வு கிடையாது. குழுவின் தலைவர் முதலில் விண்ணப்பக் கடிதத்தைப் படிக்கிறார். அதில் ஏதேனும் இருப்பதாகத் தோன்றினாலன்றி உடன் இணைத்த கட்டுரைகளை அவர் திறப்பதில்லை. களப் பணியில் இருந்துகொண்டே பட்டம் பெற்று இத்தகைய பதவிக்கு எழுதுவோர் நம்மிடையே உளர். பழைய மாணாக்கர் கொண்டுவரும் கடிதத்தைத் திருத்தித் தரவேண்டிய நிலையிலுள்ள ஆசிரியர்களும் உளர். இப்பாடம் இவ்விரு சாராருக்கும் உரியது.

கடிதம் பழுதாவது பெரும்பாலும் இரண்டு இடங்களில்தான். ஒன்று, தாம் செய்த ஆராய்ச்சியை எளிய சொற்களில் சுருக்கிக் கூறும் பகுதி. மற்றொன்று, தம்மால் அக்குழுவிற்குப் புதிதாகச் சேரக்கூடியது யாது என்று கூறும் பகுதி. இவை தனித்தனிப் பத்திகளாயினும் உண்மையில் ஒன்றையொன்று பற்றி நிற்பவை. முதற் பத்தியில் தெளிவாகச் சொல்லப்படாத ஒன்றை இரண்டாம் பத்தியில் நன்கொடையாக அளிக்க இயலாது. இதனை ஓர் உதாரணத்தைக் கொண்டு காண்போம். விண்ணப்பதாரரும், அவருடைய எண்களும், அவர் விரும்பிய குழுவும் இப்பாடத்திற்கென அமைத்துக் கொண்டவை. நெல்வயலையும் ராடாரையும் பற்றிக் கூறும் இயல்புகள் உண்மையானவை. கடிதம் வழக்கமாக ஆங்கிலத்தில் எழுதப்படுவது. இங்கு அதனைத் தமிழில் தருகிறோம்.

விண்ணப்பதாரர் மண்ணியலில் பட்டம் பெற்ற ஒரு பெண்மணி. நம் நாட்டு விரிவாக்க ஊழியர் யாவரும் அறிந்த 'காய்ச்சலும் பாய்ச்சலும்' முறையே அவருடைய ஆராய்ச்சிப் பொருள். ஒடிசாவில் கால்வாய்ப் பாசனத்தில் பயிராகும் கோடை நெல்லில், அதாவது அங்கு தாலுவா எனப்படும் பயிரில், அவர் வேலை செய்தார். மழைக்காலப் பயிரில் வயலை நம் விருப்பப்படி காயவிட முடியாதாகையால் கோடைப் பயிரைத் தேர்ந்தார். அவர் முதலில் எழுதிய சுருக்கம் வருமாறு:

"எனது ஆய்வானது, நீர் மேலாண்மை மாறுபாடுகளின் கீழ் நெல் மண்ணின் பசுமைக்குடில் வாயுப் பாய்வு இயக்கவியலையும், மண்ணின் ஆக்சிஜனேற்ற ஒடுக்க நிலையுடன் அதற்குள்ள தொடர்பையும் பன்முக அணுகுமுறையில் ஆராய்ந்தது. மீதேன் வெளிப்பாட்டில் புள்ளியியல் முறையில் குறிப்பிடத்தக்க குறைவு காணப்பட்டது. இம்முடிவுகள் பருவநிலை மாற்றத்தைத் தணிப்பதில் பெரும் முக்கியத்துவம் வாய்ந்தவை."

இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் படிப்பவர் கண்முன் வயல் தோன்றவில்லை. எத்தனை வயல், எதனோடு எதை ஒப்பிட்டார், எவ்வளவு குறைந்தது, பயிர் என்ன ஆயிற்று என்ற நான்கில் ஒன்றுக்கும் விடை இல்லை. கடைசி வாக்கியத்தை உலகில் மீதேனைப் பற்றி ஆராயும் எவரும் எழுதலாம். 'எளிமையாக எழுதுக' என்று ஆசிரியர் கூறியதும் அவர் செய்த திருத்தம் இன்னும் மோசமாயிற்று: "நெல்வயலிலிருந்து தீய வாயு வெளிவருவதைக் குறைக்கும் வழியை ஆராய்ந்தேன்." கடினச் சொற்கள் போயின, அவற்றோடு ஆராய்ச்சியும் போயிற்று. எளிமை என்பது விவரத்தை நீக்குவதன்று. சொல்லை நீக்கிவிட்டு, அச்சொல் குறித்த செயலை வைப்பதே எளிமை.

ஆகவே ஆசிரியர் அவரைக் கடிதத்தை மூடி வைக்கச் சொல்லி, வயலில் நடந்ததை நடந்த வரிசையில் வாயால் கூறச் செய்தார். அதைக் கேட்டு எழுதியதே பின்வரும் பத்தி:

"நெல்வயலில் நீர் நின்றால் மண்ணுக்குள் காற்றுப் புகாது; அந்நிலையில் அங்கு வாழும் நுண்ணுயிர்கள் மீதேன் வாயுவை உண்டாக்குகின்றன. வயலை இடையிடையே காயவிட்டால் இவ்வாயு எவ்வளவு குறையும், விளைச்சலுக்கு என்ன நேரும் என்பதே என் கேள்வி. ஒடிசாவில் 12 விவசாயிகளின் வயல்களில், 2022, 2023 ஆகிய ஆண்டுகளின் கோடைப் பருவங்களில் இதைச் சோதித்தேன். ஒவ்வொரு வயலையும் வரப்பிட்டு இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் எப்போதும் நீர் நிறுத்தினோம். மறுபாதியில், பூக்கும் பருவம் நீங்கலாக, நீர்மட்டம் மண்ணுக்குக் கீழ் 15 செ.மீ. இறங்கிய பின்பே மறுபடி பாய்ச்சினோம். காயவிட்ட பாதியில் மீதேன் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு குறைந்தது. ஆனால் யூரியா இட்டபின் சில நாட்களுக்கு நைட்ரஸ் ஆக்சைடு என்னும் வேறொரு வாயு மிகுந்து, கிடைத்த நன்மையில் ஒரு பகுதியைத் தின்றுவிட்டது. பத்து வயல்களில் விளைச்சல் மாறவில்லை. மணற்பாங்கான இரண்டு வயல்களில் குறைந்தது. மழைக்காலப் பயிரில் இதைச் சோதிக்கவில்லை."

சொற்களில் எவை நின்றன, எவை போயின என்பதைக் கவனிக்கவேண்டும். 'மீதேன்', 'நைட்ரஸ் ஆக்சைடு' ஆகியவை நின்றன. அவை பொருள்களின் பெயர்கள், அவற்றிற்கு வேறு எளிய பெயர் இல்லை. 'ஆக்சிஜனேற்ற ஒடுக்க நிலை' போய், 'மண்ணுக்குள் காற்றுப் புகாது' என்பது வந்தது. துறை வல்லுநர் இதைப் படித்தாலும் குறைவாக எண்ணமாட்டார். அவர் மனத்தில் அந்த அளவீடு தானே தோன்றும். துறைக்கு வெளியே உள்ளவர், உதாரணமாகத் தேர்வுக் குழுவில் அமரும் ஒரு பௌதிகப் பேராசிரியர், பத்தியை விட்டு விலகாமல் படிப்பார்.

எண்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. முதலில் அவர் '41.7 சதவீதம்' என்று எழுதியிருந்தார். ஒரே வயலில் இரண்டு முழ இடைவெளியில் வைத்த இரு பெட்டிகளே வெவ்வேறு அளவு காட்டும் தொழில் இது. அங்கு தசமப் புள்ளி போலித் துல்லியம். 'ஐந்தில் இரண்டு' என்பதே உண்மைக்கு நெருங்கியது. கட்டுரையில் பிழை வரம்புடன் எண்ணைத் தரலாம். கடிதத்தில் அளவின் பருமன் தெரிந்தால் போதும்.

நைட்ரஸ் ஆக்சைடைப் பற்றிய வாக்கியத்தை விட்டுவிட அவர் விரும்பினார். அது தம் முடிவைப் பலவீனமாக்கும் என்பது அவர் எண்ணம். உண்மை அதற்கு நேர்மாறானது. நூறு ஆண்டுக் கணக்கில், ஒரு கிலோ மீதேன் ஏறக்குறைய 27 கிலோ கரியமில வாயுவுக்குச் சமமாக வெப்பத்தைத் தேக்குகிறது. ஒரு கிலோ நைட்ரஸ் ஆக்சைடோ 273 கிலோவுக்குச் சமம். காய்ந்த மண்ணில் யூரியாவை இட்டு உடனே நீர் பாய்ச்சும்போது இவ்வாயு மிகும் என்பது இத்துறையில் எல்லாரும் அறிந்தது. ஆகையால், காயவிட்டு மீதேனை மட்டும் அளந்ததாகக் கூறும் கடிதத்தைப் படிக்கும் குழுத் தலைவர், 'இவர் மற்றதை அளக்கவில்லையா, அல்லது அளந்து மறைக்கிறாரா?' என்று கேட்பார். விடை எதுவாயினும் விண்ணப்பதாரருக்கு நன்மை இல்லை.

பத்தி முடிந்ததும் அதைத் தம்முடன் வேலை செய்த களப் பணியாளர் ஒருவரிடம் படிக்கக் கொடுத்து, தாளைத் திருப்பி வாங்கிக்கொண்டு, படித்ததைச் சொல்லும்படி கேட்டார். இச்சோதனையைப் போன்ற பயனுள்ளது வேறில்லை. அவர் எல்லாவற்றையும் சரியாகச் சொல்லிவிட்டு, "வரப்பு கசியாதோ? நின்ற நீர் காய்கிற பாதிக்குப் போய்விடுமே?" என்று கேட்டார். வரப்புக்குள் பிளாஸ்டிக் தாள் புதைத்துக் கசிவைத் தடுத்திருந்தார்கள். ஆனால் கடிதத்தில் அது இல்லை. 'உள்ளே தாள் புதைத்த வரப்பிட்டு' என்று மூன்று சொற்கள் கூடின. குழுத் தலைவருக்கும் அதே ஐயம் எழுந்திருக்கக்கூடும்.

இனி இரண்டாம் பகுதி. முதல் வரைவில் அவர் எழுதியிருந்தது: "உலகத் தரம் வாய்ந்த தங்கள் குழுவின் ஆராய்ச்சி என்னைப் பெரிதும் ஈர்த்தது. கடின உழைப்பும் பிறரோடு இணங்கிப் பணியாற்றும் பண்பும் உடைய நான் தங்கள் குழுவிற்குப் பயனுள்ளவளாக இருப்பேன்." இதிலுள்ள குழுவின் பெயரை அடித்துவிட்டு வேறொரு குழுவின் பெயரை எழுதிப் பாருங்கள். வாக்கியம் அப்படியே பொருந்துகிறதன்றோ? அப்படிப் பொருந்தும் வாக்கியம் எக்குழுவுக்கும் எதையும் அளிப்பதில்லை.

தாம் அளிக்கக்கூடியது யாது என்பதைத் தம்மை எண்ணிப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. குழுவிடம் இல்லாதது யாது என்பதை அறிந்தாலே அது தெரியும். அதற்கு வழி, அக்குழுவினர் கடைசியாக வெளியிட்ட மூன்று நான்கு கட்டுரைகளைப் படிப்பது. முன்னுரையையும் முடிவுரையையும் விட, அளவீடுகள் எங்கிருந்து வந்தன என்று கூறும் பகுதியிலும், தம் வேலையின் குறைகளை அவர்களே ஒப்புக்கொள்ளும் பத்தியிலும் கவனம் செலுத்தவேண்டும். குறை எழுதிய பத்தி பெரும்பாலும் கட்டுரையின் இறுதிக்குச் சற்று முன் வரும்; பலர் அதைத் தாண்டிவிடுகிறார்கள்.

நம் விண்ணப்பதாரர் தேர்ந்த குழு, துணைக்கோளிலிருந்து ராடார் அலைகளை அனுப்பி, எந்த நெல்வயலில் நீர் நிற்கிறது, எது காய்ந்திருக்கிறது என்று படம் வரைகிறது. வயலைக் காயவிட்டு மீதேனைக் குறைத்த விவசாயிக்குப் பணம் அளிக்கும் திட்டங்கள் இப்போது நடைபெறுகின்றன. அவர் உண்மையில் காயவிட்டாரா என்பதை ஒவ்வொரு வயலாகச் சென்று பார்க்க ஆளில்லை, படத்தை நம்பவேண்டியிருக்கிறது. படம் தவறினால், காயவிட்டவர் பணத்தை இழப்பார், விடாதவர் பெறுவார்.

படம் தவறும் இடமும் தெரிந்ததே. நடவு செய்த புதிதில், அசையாத நீர்ப்பரப்பு ராடார் அலையை வேறு பக்கம் தள்ளிவிடுவதால் படத்தில் வயல் கறுப்பாகத் தெரியும், ஐயமில்லை. பயிர் வளர்ந்து மூடியபின் தொல்லை தொடங்குகிறது. ஐரோப்பியரின் சென்டினல்-1 துணைக்கோள் அனுப்பும் அலையின் நீளம் ஏறக்குறைய 5.6 செ.மீ.; அது பெரும்பாலும் இலைகளிலேயே சிதறிவிடுகிறது. 2025 ஜூலை 30-ந் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட நிசார் துணைக்கோளின் இரு ராடார்களில் ஒன்று ஏறக்குறைய 24 செ.மீ. அலையைப் பயன்படுத்துகிறது, நீண்ட அலை இலைகளைக் கடந்து அடியிலுள்ள நீரையும் தண்டையும் எட்டும் வாய்ப்பு மிகுதி. எனினும் எட்டியதா என்பதைத் தரையில் அளந்த நீர்மட்டத்தோடு ஒப்பிட்டே அறியவேண்டும். அக்குழுவினர் ஒப்பிட்டதோ ஓர் ஆராய்ச்சிப் பண்ணையின் சில பாத்திகளோடு, வாரம் இருமுறை அளந்த மட்டத்தைக் கொண்டு. இது போதாது என்று கட்டுரையில் அவர்களே எழுதியிருந்தார்கள்.

இன்னொரு நுட்பமும் உண்டு. ஒரே பாதையில் இத்துணைக்கோள் ஒவ்வொன்றும் 12 நாட்களுக்கு ஒருமுறை வருகிறது. கோடையில் ஒரு வயல் பாய்ச்சலிலிருந்து 15 செ.மீ. ஆழம் வரை காய்ந்து மறுபடி பாய்ச்சப்படுவதற்கு ஒரு வாரம் போதுமானதாக இருக்கலாம். அதாவது ஒரு முழுக் காய்ச்சல் இரண்டு படங்களுக்கு இடையே நிகழ்ந்து, எதிலும் விழாமற் போகலாம். நாள்தோறும் எழுதிய குறிப்பு ஒன்றே அதைக் காட்டிக் கொடுக்கும். நம் விண்ணப்பதாரரின் நோட்டுப் புத்தகங்களில் இருந்தது அதுவே. அவர் அதைத் தம் ஆராய்ச்சியின் துணைக் குறிப்பாக மட்டுமே கருதி, கடிதத்தில் சொல்லவே இல்லை!

ஆனால் உடனே 'என்னிடம் 12 வயல்களின் தினசரிக் குறிப்புகள் உள்ளன' என்று எழுதிவிடவும் கூடாது. சென்டினல்-1 படத்தின் ஒரு புள்ளி தரையில் 10 மீட்டர் சதுரம். கால் ஏக்கர் நிலத்தில் பத்துப் புள்ளிகளே விழும். வரப்போரப் புள்ளிகளில் பக்கத்து வயலும் கலந்திருப்பதால் அவற்றைக் கழித்தால் இரண்டு மூன்றே மிஞ்சும். ராடார் படம் இயல்பாகவே புள்ளிக்குப் புள்ளி மாறுபடுவது. பல புள்ளிகளின் சராசரியன்றி அதை நம்பலாகாது. இதை அறிந்தபின் வயல்களை அளந்து பார்த்தார். ஒவ்வொரு பாதியும் அரை ஏக்கருக்குக் குறையாத வயல்கள் ஏழுதான் இருந்தன. பன்னிரண்டு ஏழாகச் சுருங்கியதால் கடிதம் வலுப்பெற்றதேயன்றிக் குன்றவில்லை. குழுத் தலைவர் போடவேண்டிய கணக்கை அவரே போட்டுவிட்டாரல்லவா? இறுதியாக எழுதிய பத்தி இது:

"பயிர் மூடியபின் அடியில் நீர் உள்ளதா என்று ராடார் கூறுவதைச் சரிபார்க்க, விவசாயிகளின் வயல்களிலிருந்து தினசரிக் குறிப்புகள் தேவை என்று தங்கள் சென்ற கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். என் 12 வயல்களில் ஏழு, தங்கள் முறைக்குப் போதிய அகலமுடையவை. அவற்றின் இரு பாதிகளிலும் துளையிட்ட குழாய் பதித்து, நடவு முதல் அறுவடைக்கு முன் நீரை வடிக்கும் வரை, இரண்டு பருவங்களிலும் நாள்தோறும் நீர்மட்டத்தை அளந்துள்ளேன். இவற்றை அதே மாதங்களின் சென்டினல்-1 படங்களோடு உடனே ஒப்பிடலாம். நிசார் அப்போது ஏவப்படவில்லையாதலால் அதற்கு இவை உதவா. ஆனால் அவ்விவசாயிகளில் ஐவர் மறுபடி குழாய் பதிக்கச் சம்மதித்துள்ளனர். மூடுபெட்டி கொண்டு வாயு அளக்கும் முறையையும் தங்கள் குழுவில் தொடங்கி வைக்க என்னால் இயலும். ராடார் படங்களை நான் இதுவரை கையாண்டதில்லை. அதைத் தங்களிடம் கற்கவேண்டும்."

கடைசி வாக்கியத்தைச் சிலர் பலவீனம் என்பர். எமக்கு அவ்வாறு தோன்றவில்லை. ராடார் தெரிந்தவர்கள் அக்குழுவில் ஏற்கெனவே இருக்கிறார்கள். இன்னொருவர் அரைகுறையாகத் தெரிந்திருப்பதால் அவர்களுக்கு ஆவதொன்றுமில்லை.

மூடுபெட்டியைப் பற்றிய வாக்கியத்திற்குப் பின்னால் அவருக்கு விடை தயாராக இருக்கவேண்டும். 'வாயு அளந்த அனுபவம் உண்டு' என்பது போதாது. பெட்டியை மூடியவுடனும், பத்து, இருபது, முப்பது நிமிடங்களிலும் ஊசிக்குழலால் காற்றெடுத்தால், மீதேனின் அளவு ஒரு நேர்கோட்டில் ஏறவேண்டும். முதல் அளவே உயர்ந்திருந்தாலோ, நடுவில் ஒன்று துள்ளினாலோ, யாரோ சேற்றில் கால் வைத்ததால் மண்ணில் அடைபட்டிருந்த குமிழி வெளியேறியிருக்கலாம் என்று ஐயுறவேண்டும். இதற்காகவே பெட்டியருகே பலகை போட்டு அதன்மேல் நின்று வேலை செய்கிறார்கள். எந்த அளவீட்டை ஒதுக்குவது என்பதை அறிந்தவர் என்று காட்ட, கடிதத்தில் ஒரு பாதி வாக்கியம் சேர்த்தால் போதும்.

'நான்', 'நாங்கள்' என்பவற்றையும் கருதிப் பயன்படுத்தவேண்டும். மேலே உள்ள சுருக்கத்தில் நீர் நிறுத்தியதும் பாய்ச்சியதும் 'நாங்கள்'. கேள்வியும் சோதனையும் 'நான்'. காற்று மாதிரிகளைப் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் மற்றவர் பகுத்துக் கொடுத்திருந்தால், கடிதத்தில் எங்கேனும் அதைச் சொல்லவேண்டும். குழுத் தலைவர் அக்கருவியை இயக்கத் தெரிந்தவரைத் தேடிக்கொண்டிருந்தால், பின்னர் ஏமாற்றம் இருபக்கமும் உண்டாகும்.

மற்றவை சிறிய விஷயங்கள். கடிதம் ஒரு பக்கம், மிஞ்சினால் ஒன்றரைப் பக்கம். முதல் வாக்கியத்திலேயே எப்பதவிக்கு எழுதுகிறார், பட்டம் எப்போது கிடைத்தது அல்லது கிடைக்கும், எப்போது வேலையில் சேரலாம் என்பவை வந்துவிடவேண்டும். பிறகு ஆராய்ச்சிச் சுருக்கம், அதன்பின் குழுவிற்கு அளிப்பது, கடைசியில் தம்மைப் பற்றி விசாரிக்கத் தக்க மூவரின் பெயர்கள். நிதியுதவித் திட்டத்தின் வழியாகச் செல்வதாயின் குழுத் தலைவரின் ஒப்புதல் முன்னரே தேவைப்படலாம். அந்நிலையில் திட்டத்தின் கடைசித் தேதிக்கு இரண்டு மாதங்கள் முன்னதாகவேனும் எழுதுவது நலம். ஒரே கடிதத்தைப் பல குழுக்களுக்கு அனுப்ப எண்ணுபவர் சுருக்கத்தை அப்படியே வைத்துக்கொள்ளலாம். அளிப்பதைக் கூறும் பத்தியை ஒவ்வொரு முறையும் புதிதாகவே எழுதவேண்டும்.

நேர்முகப் பேச்சுக்கு அழைப்பு வந்தால், முதற்கேள்வி பெரும்பாலும் கடிதத்தின் ஓரத்தில் நிற்கும் விஷயத்தைப் பற்றியே வரும். இக்கடிதத்தில் அது விளைச்சல் குறைந்த இரண்டு மணற்பாங்கான வயல்கள். அங்கு நீர்மட்டம் 15 செ.மீ. ஆழத்தை எத்தனை நாளில் தொட்டது, அதற்கப்பால் எவ்வளவு இறங்கியது, கால்வாயில் முறைத் தண்ணீர் வரத் தாமதமான நாட்கள் எவை என்ற குறிப்புகளை அவர் நோட்டுப் புத்தகத்திலிருந்து தனித்தாளில் எழுதிக் கையில் வைத்திருக்கவேண்டும்.